அதிபர் சேவைக் கடிதம் வந்தாச்சு: கூட்டாளிகளுக்கு எப்படிச் சொல்வது?

மலையகத்தில் ஒரு டீச்சருக்கு இலங்கை அதிபர் சேவை தரம் III நியமனக் கடிதம் வந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கூட்டாளிகளுக்கு இதை எப்படிச் சொல்வது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. தெரிவானவர்களின் பெயர்ப்பட்டியல் எப்படியும் ஏதாவது ஒரு வட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்துவிடும். நீங்கள் சொல்லாவிட்டால் பட்டியல் சொல்லும்.

நீங்கள்தான் அந்த டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியில் படித்து, இப்போது ஹட்டன் டவுனில் வீடு. பத்தனையில் ஒரே விடுதியில் இருந்த மூன்று பேர் இன்னும் நெருக்கம். அவர்களில் ஒருத்தி உங்களோடு சேர்ந்து அதே அதிபர் சேவைப் பரீட்சையை எழுதினாள், கிடைக்கவில்லை. அதுமட்டுமல்ல, அவள் பல வருஷமாக ஒரு சின்னத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கடமை நிறைவேற்று அதிபராக இருக்கிறாள். கூரை ஒழுகினால் அவள்தான் ஓடினாள், பெற்றோரைக் கூட்டி மதில் கட்டியதும் அவள்தான். சேவைக்குள் எடுக்கப்பட்ட ஒருவர் நியமனம் பெற்று வந்தால் அவள் நாற்காலியை விட்டு எழும்ப வேண்டி வரலாம். இன்னொருத்தி சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வெளிநாட்டில் வேலை செய்கிறாள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்க ஊழியர்கள் அப்படிப் போக சுற்றறிக்கை வந்ததே, அதில் போனவள். மூன்றாமவள் நுவரெலியாவில் படிப்பிக்கிறாள், அவள் இந்தப் பரீட்சைப் பக்கமே போனதில்லை. இவர்களைத் தவிர லயத்தில் உங்களோடு ஒன்றாக வளர்ந்து இன்றைக்கும் கொழுந்து எடுக்கப் போகிற ஒருத்தி இருக்கிறாள். அப்புறம் ஸ்டாஃப் ரூம், பேட்ச் குரூப், பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள்.

உங்கள் கையில் இருக்கும் வழிகள் இவைதான்: சொல்லாமலே இருப்பது, ஸ்டேட்டஸோ பேஸ்புக்கோ போடுவது, குரூப்பில் ஒரு செய்தி போடுவது, ஆளுக்கு ஆள் கோல் எடுப்பது, நேரில் போய்ச் சொல்வது, ட்ரீட் வைத்துச் சொல்வது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எது நல்லது என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளுக்குப் பொருந்தும். பந்தா காட்டுகிறாள் என்ற பேச்சு வருவது நாம் சொல்கிற வார்த்தையால் மட்டுமல்ல, யாருக்கு எந்த வரிசையில், எந்த வழியில் சொன்னோம் என்பதாலும்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றி ஒன்று. எழுத்துப் பரீட்சையில் தேறிய அன்றே சொல்லிவிட்டால் சிக்கல். அதற்குப் பிறகு நேர்முகப் பரீட்சை இருக்கிறது. நியமனம் வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை பார்க்கிற ஆளெல்லாம் "என்ன, லெட்டர் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடிதம் கையில் கிடைக்கும்வரை வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. கடிதம் வந்த பிறகும் "நான் பிரின்சிபல் ஆயிட்டேன்" என்று சொல்லிவிடக் கூடாது. சேவைக்குள் எடுக்கப்பட்டவர் ஒரு பெரிய பாடசாலையில் பிரதி அதிபராகவும் போகலாம், சின்னப் பாடசாலை ஒன்றைப் பொறுப்பெடுக்கவும் போகலாம். "அதிபர் சேவைக்கு எடுத்திருக்காங்க, எந்த ஸ்கூலுன்னு இன்னும் தெரியல" என்பது உள்ளதை உள்ளபடி சொல்வது. அப்படிச் சொன்னால் பின்னால் யாரும் "பிரின்சிபல்னு சொன்னா, வைஸ் பிரின்சிபலாத்தான் போட்டிருக்காங்க" என்று பேச இடமிருக்காது.

சொல்லாமலே இருப்பது நம் ஊரில் பலருக்குப் பிடித்த வழி. கண்ணு படும், கண்ணூறு வந்துவிடும் என்று அம்மாமார் சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், பல வருஷம் காத்திருந்து கிடைத்ததைப் பொத்திவைக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தச் செய்தி பொத்திவைக்கக்கூடிய செய்தி இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, வலயக் கல்விப் பணிமனையில் நாலு பேருக்குத் தெரியும். நெருங்கிய கூட்டாளி அதை வேறொருத்தர் வாயால் கேட்கும்போது, அடக்கமாக இருந்தாள் என்று நினைக்கமாட்டாள். "எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா அவளுக்கு?" என்றுதான் நினைப்பாள். பரீட்சை எழுதிக் கிடைக்காதவளுக்கு இது இன்னும் மோசம். தன்னைப் பார்த்துப் பாவப்பட்டு மறைத்தாள் என்று அவளுக்குத் தோன்றும். பெருமை பேசினால் வருகிற கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும், பாவப்பட்டார்கள் என்ற நினைப்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதனால் நெருங்கியவர்கள் விஷயத்தில் இந்த வழியை நான் முழுசாகத் தள்ளிவிடுவேன்.

ஸ்டேட்டஸும் பேஸ்புக்கும் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். மாலையோடு ஒரு படம், கடிதத்தோடு ஒரு படம், கீழே வாழ்த்துகள். பழைய மாணவர்களுக்கும் தூரத்துச் சொந்தத்துக்கும் இது நல்ல வழிதான். தங்களுக்குப் படிப்பித்த டீச்சர் உயர்ந்திருக்கிறார் என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அவர்கள் எல்லோருடைய நம்பரும் நம்மிடம் இல்லை. கடிதத்தைப் படம் எடுத்துப் போடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். அதில் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் இருக்கும், ஒருமுறை வெளியே போனால் திரும்பி எடுக்க முடியாது.

ஸ்டேட்டஸ், பேஸ்புக் இரண்டில் ஸ்டேட்டஸ் மேல். ஒரு நாளில் போய்விடும், யார் பார்க்கலாம் என்று நாமே தெரிவு செய்யலாம். ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. யார் யார் பார்த்தார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், இவள் மட்டும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நம் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அவளோ பஸ்ஸில் நின்றபடி தெரியாமல் தட்டியிருப்பாள், அல்லது என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருப்பாள். நெருங்கிய நாலு பேருக்கும் நேரடியாகச் சொல்லி முடித்து ஒரு வாரம் போன பிறகு ஸ்டேட்டஸ் போட்டால் இந்தக் கணக்குக்கே வேலையிருக்காது.

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது குரூப். சுலபம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், யாரையும் விட்டுவிட்டோம் என்ற பேச்சு வராது. பேட்ச் குரூப்பில் கண்டிப்பாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் செய்தியாகச் சொல்லக் கூடாது. கிடைக்காதவளும் அதே குரூப்பில் இருக்கிறாள். நீங்கள் போட்ட அடுத்த நிமிஷத்திலிருந்து பூங்கொத்தும் கைதட்டலும் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் அவள் போன் சத்தம் போடும். அவளும் வாழ்த்துப் போட்டாக வேண்டும், போடாவிட்டால் எல்லோருக்கும் தெரியும். மனசு தேறுவதற்கு அவளுக்கு அங்கே ஒரு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. நீங்கள் எவ்வளவு அடக்கமாக எழுதினாலும் குரூப்பின் அமைப்பே அப்படி.

அவளுக்குச் சொல்லி முடித்த பிறகு, மறுநாள் குரூப்பில் என்ன எழுதுவது? மூன்று விதமாக எழுதலாம்.

முதல் விதம்: "கடின உழைப்புக்கும் விடாமுயற்சிக்கும் கிடைத்த வெற்றி! என்னை மட்டம் தட்டியவர்களுக்கும் நன்றி!" இதில் உழைப்பு என்ற வார்த்தைதான் குத்தும். கிடைக்காதவர்கள் உழைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் வந்துவிடும். மட்டம் தட்டியவர்கள் பற்றிய வரி யாரைச் சொல்கிறது என்று அறுபது பேரும் தேட ஆரம்பிப்பார்கள்.

இரண்டாவது விதம்: "ஏதோ கடவுள் புண்ணியத்துல நமக்கும் ஒண்ணு கெடச்சிருக்கு, பெரிசா ஒண்ணுமில்ல." அடக்கமாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒண்ணுமில்லாததற்காக இரவு இரவாகப் படித்தவர்கள் அந்தக் குரூப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் செய்தியைவிட இது அதிகம் வலிக்கும். பெரிசில்லை என்று சொன்னால் "இல்ல இல்ல, பெரிய விஷயம்டி" என்று மற்றவர்கள் தூக்கிவிட வேண்டியிருக்கும். அதுவும் புகழ்ச்சி கேட்பதுதான்.

மூன்றாவது: "அதிபர் சேவைக்கு எடுத்திருக்காங்க, நேத்து லெட்டர் வந்துச்சு. ரொம்ப சந்தோஷமா இருக்கு. எந்த ஸ்கூலுன்னு தெரிஞ்சதும் சொல்றேன். பாஸ்ட் பேப்பர் அனுப்பின எல்லாருக்கும் தேங்க்ஸ்." நான் இதைத்தான் எடுப்பேன். சந்தோஷம் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது, காரணம் கூறவில்லை, யாரோடும் ஒப்பிடவில்லை. பழைய வினாத்தாள் அனுப்பியது உண்மையில் நடந்த உதவியாக இருந்தால் மட்டும் அந்தக் கடைசி வரி இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொல்வதைவிட இன்ன உதவிக்கு என்று சொல்வது மேல். வாழ்த்துகள் வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரூப்பில் பதில் போட வேண்டாம். போட்டால் உங்கள் செய்தி நாள் முழுக்க மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். இரவு ஒரே தடவை எல்லோருக்கும் சேர்த்து நன்றி சொன்னால் போதும்.

இனி அந்த முதல் கோல். கிடைக்காத கூட்டாளிக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும், அதுவும் குரலில். எழுத்துச் செய்தி போட்டால் தேறிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அவள் அழுதால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் எழுத்தில் உங்கள் குரல் இல்லை. நீங்கள் எந்த மனசோடு சொன்னீர்கள் என்பதை அவளே கற்பனை செய்துகொள்ள வேண்டும், அந்த நேரத்தில் நல்ல கற்பனை வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. "ஒரு விஷயம் சொல்லணும், லெட்டர் சம்பந்தமா. எப்ப கோல் எடுக்கட்டும்?" என்று ஒரு வரி போடுங்கள். அவளுக்குப் பாதி புரிந்துவிடும். தானே நேரம் குறிப்பாள், அதற்குள் மனசைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வாள்.

நேரம் முக்கியம். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் எடுத்தால் அவள் பஸ்ஸுக்கு நிற்பாள், பக்கத்தில் மற்ற டீச்சர்மார் இருப்பார்கள். இரவு சமையல் முடிந்து பிள்ளைகள் படிக்க உட்கார்ந்த பிறகு எடுப்பது நல்லது. தோட்டப் பக்கம் சிக்னல் பள்ளத்தில் வராது, கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் வரும். பேச்சு பாதியில் அறுந்துபோகிற இடத்திலிருந்து இந்தக் கோல் எடுக்கக் கூடாது. "எனக்குக் கெடச்சிருச்சி, உனக்கு" என்ற இடத்தில் லைன் அறுந்தால் அந்தப் பாதி வாக்கியம் அவள் மனசில் எத்தனை நாள் நிற்குமோ.

சுற்றி வளைக்காமல் முதல் ஒரு நிமிஷத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இப்படிப் போகலாம்:

"லெட்டர் வந்துருச்சி டி. என்னைய எடுத்திருக்காங்க. வேற யாருக்கும் இன்னும் சொல்லல, உன்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்காதீர்கள். நிரப்பப் போனால் வாயில் வருவதெல்லாம் தப்பாகவே வரும். "அடுத்த தடவ உனக்குக் கட்டாயம் கெடைக்கும்" என்பது நம் கையில் இல்லாத வாக்கு. "உனக்குத்தான் கெடச்சிருக்கணும், எனக்கு அதிர்ஷ்டம்" என்று சொன்னால் அவள் தன் வருத்தத்தை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டி வரும். "என் நோட்ஸ் எல்லாம் தாறேன்" என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் முதல் கோலில் அது மேலே நின்று கை நீட்டுவதாகத் தெரியும். நோட்ஸைப் பற்றி அவளே ஒரு நாள் கேட்பாள்.

அவள் பேச ஆரம்பித்ததும் பெரும்பாலும் முதலில் கேட்பது அவளுடைய பாடசாலையைப் பற்றியதாக இருக்கும். "எங்க ஸ்கூலுக்கு யாரைப் போடப் போறாங்களோ." அவளுடைய உண்மையான பயம் அதுதான், அந்தப் பேச்சை உங்கள் கடிதத்தின் பக்கம் திருப்பாதீர்கள். உங்களுக்கு எந்தப் பாடசாலை என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அவளுடைய பாடசாலையே உங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் அன்றே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது: "அப்படி ஏதும் வந்தா மொதல்ல உன்கிட்டப் பேசாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்." சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். காப்பாற்ற முடியாது என்றால் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவளுக்கும் நுவரெலியாக்காரிக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அன்று இரவே ஒரு வொய்ஸ் அனுப்பினால் போதும், சந்தோஷத்தில் கத்திக்கொண்டேகூட அனுப்பலாம். பரீட்சையில் போட்டி போடாதவர்களிடம் அளந்து பேசினால்தான் அவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். நம் சந்தோஷத்தை முழுசாகக் கொட்ட ஒரு இடம் வேண்டாமா? வெளிநாட்டுக்காரியிடம் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சம்பளமில்லா லீவில் போனவளிடம் "நீயும் இங்கயே இருந்திருந்தா" என்ற பேச்சு வேண்டாம்.

லயத்துக் கூட்டாளிக்குப் போனில் சொல்லக் கூடாது, நேரில் போக வேண்டும். எந்த நாள் போவது என்பதிலும் ஒரு யோசனை இருக்கிறது. 2024-இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. கொழுந்து கிலோ குறைந்தால் முழுப்பேர் கிடைக்காமல், பாதிச் சம்பளமான அரைப்பேர் விழுகிற நாளும் உண்டு. மழை அடித்து அரைப்பேரோடு வந்த பின்னேரம் போய் நல்ல செய்தி சொல்வது சரியில்லை. சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போங்கள், வெறுங்கையோடு போகாமல் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு. சம்பளம் எவ்வளவு கூடும் என்று அவள் கேட்கக்கூடும், நம் ஆட்களுக்கு அதைக் கேட்பது தப்பே இல்லை. "கொஞ்சம் கூடும், அரியர்ஸ் எப்ப வருமோ தெரியல" என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட. அவள் கேட்காமல் நீங்களாகத் தொகை சொல்ல வேண்டாம்.

இந்த இடத்தில் அடக்கத்தின் அளவுகோலே மாறிவிடும். ஸ்டாஃப் ரூமில் பெருமையாகத் தெரிவது லயத்தில் அப்படித் தெரியாது. "நம்ம லயத்துப் புள்ள அதிபராம்" என்று அவள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போட்டால் "ஐயோ, சத்தம் போடாத" என்று அடக்காதீர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற தாய்மாருடைய பிள்ளைகள் படித்து டீச்சர் ஆனதே அந்த ஆட்களுக்குத் தங்கள் சொந்தக் கதை. அந்தச் சந்தோஷம் உங்களுடையது மட்டும் இல்லை, அதைக் குறைக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. வீட்டில் பெரியவர்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு பூசை வைக்கலாம் என்றால் சரி என்று சொல்லுங்கள். பூசையில் பொங்கல் எல்லோருக்கும் ஒரே அளவு, பேச்சும் இல்லை, மாலையும் சாமிக்குத்தான். ஊருக்குச் சொல்ல இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ட்ரீட். இதில் இரண்டு விதம் இருக்கிறது. ஸ்டாஃப் ரூம் ட்ரீட் சுருக்கமாக முடிகிற காரியம்: இன்டர்வலுக்கு கேக், வாழைப்பழம், ரோல்ஸ், தேத்தண்ணி. அதற்கு முன்னால் அதிபருக்கும் உங்களைவிட மூத்த டீச்சர்மாருக்கும் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டாளிகளுக்கு வைக்கிற ட்ரீட்தான் யோசித்து வைக்க வேண்டியது. காரணம் சொல்லாமல் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் "ஒரு சர்ப்ரைஸ்" என்று செய்தியை உடைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எல்லோர் முகத்தையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருத்தி சிரித்தே ஆக வேண்டும் என்றால் அது கொண்டாட்டமில்லை. செய்தி முதலில், சாப்பாடு இரண்டு மூன்று வாரம் கழித்து. ஹட்டனில் ஹோட்டலில் வைப்பதைவிட வீட்டில் சமைப்பது நல்லது. ஹோட்டலில் பில் வரும்போது நான் தாறேன், இல்ல நான் தாறேன் என்ற இழுபறி வரும், எவ்வளவு செலவழித்தாள் என்ற கணக்கும் வரும். வீட்டில் நீங்களே பரிமாறிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கலாம், நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கிடைக்காத கூட்டாளியையும் கூப்பிடத்தான் வேண்டும். ஒரு தடவை, தனியாக, "வர முடிஞ்சா வா" என்று. வரமாட்டேன் என்றாலோ அன்றைக்கு ஏதோ வேலை என்றாலோ சரி என்று விட்டுவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம், மற்றவளை விட்டுக் கூப்பிடவும் வேண்டாம். சாப்பாட்டுப் படங்களைக் குரூப்பில் போட வேண்டாம் என்று வந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடுத்த மாதம் அவளுடைய பாடசாலையில் விளையாட்டுப் போட்டியோ கலைவிழாவோ வரும், அதற்குக் கூப்பிட்டால் போய் முன்வரிசையில் உட்காராமல் அவளோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் பரிசு அடுக்கிக் கொடுங்கள்.